வெற்றி விகிதம் அதிகம், ஆனால் காசு இல்லை: எந்த செட்டப்பை நிறுத்துவது?

கேள்வி: ஒரு வருடமாக டிரேடிங் ஜர்னல் எழுதுகிறேன். ஒவ்வொரு டிரேடிலும் 1,000 ரூபாய் ரிஸ்க். இந்தக் காலாண்டில் காலை 15 நிமிட பிரேக்அவுட்டில் 40 டிரேடுக்கு 22 வெற்றி. 20 நாள் சராசரிக்கு இறங்கி வரும்போது வாங்கும் புல்பேக்கில் 15-க்கு 6 தான். புல்பேக்கை விட்டுவிடலாமா சார்?

பதில்: விட வேண்டியது மற்றதை. ஷீட்டைப் பாருங்கள். பிரேக்அவுட்டில் சராசரி லாபம் 900, நஷ்டம் 1,000. அதாவது 19,800 வந்து 18,000 போயிருக்கிறது, மிச்சம் 1,800. காண்ட்ராக்ட் நோட்டின்படி புரோக்கரேஜ், எஸ்.டி.டி. எல்லாம் சேர்த்து டிரேடுக்கு சுமார் 85 ரூபாய் என்றால் 3,400. கையை விட்டு 1,600 போயிருக்கிறது. புல்பேக்கில் சராசரி லாபம் 2,300. இது டெலிவரி என்பதால் செலவு அதிகம், டிரேடுக்கு சுமார் 130. 13,800-ல் 9,000 நஷ்டமும் 1,950 செலவும் போக 2,850 நிற்கிறது.

ஆனால் ஒரு காலாண்டு நஷ்டத்துக்காக மட்டும் செட்டப்பை நிறுத்தக் கூடாது. எது மாறியது என்று தேட வேண்டும். முந்தைய மூன்று காலாண்டுகளிலும் உங்கள் பிரேக்அவுட் வெற்றி விகிதம் ஏறக்குறைய இதேதான். சராசரி லாபம் மட்டும் 1,300-லிருந்து 900-க்கு இறங்கியிருக்கிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: நீங்கள் பயந்து சீக்கிரம் விற்கிறீர்கள், அல்லது விலையே ஓடுவதில்லை. 22 வெற்றிகளில் 12-ஐ டார்கெட்டுக்கு முன்பே முடித்திருக்கிறீர்கள். அந்த 12 நாட்களின் சார்ட்டையும் எடுத்துப் பார்த்தேன். அன்றே டார்கெட்டைத் தொட்டது 3 தான். ஏழெட்டு தொட்டிருந்தால் குறை உங்கள் கையில் என்று சொல்லியிருப்பேன். இது செட்டப்பின் குறைதான்.

(சில செட்டப்புகளுக்கு இந்த ஆராய்ச்சியே தேவைப்படாது. 2024 நவம்பரில் பேங்க் நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரி நின்றதும், அதை மட்டும் நம்பியிருந்த எல்லாம் அன்றோடு முடிந்தது.)

பிரேக்அவுட்டை அடுத்த காலாண்டு முழுக்கப் பணம் போடாமல் காகிதத்தில் எழுதி வாருங்கள், செலவையும் கழித்து. 30 டிரேடுக்குப் பிறகு நிகர லாபம் தெரிந்தால், 250 ரூபாய் ரிஸ்க்கில் திரும்பத் தொடங்கலாம். நடுவில் நாலு டிரேடு ஓடிவிட்டதே என்று குதிக்காதீர்கள், அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

புல்பேக் தொடரட்டும், ஆனால் அளவைக் கூட்ட வேண்டாம். அதில் ஒரே டிரேடில் 4,100 வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் இந்தக் காலாண்டும் நஷ்டம்தான். வருடம் முழுவதற்குமான 58 டிரேடில் பெரிய இரண்டைக் கழித்த பிறகும் லாபம் இருப்பதால்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். இப்போதைக்கு அந்த ஷீட்டில் ‘விற்ற பிறகு டார்கெட் தொட்டதா’ என்று ஒரு நெடுவரிசையை மட்டும் சேர்த்துவிடுங்கள், அடுத்த முறை சார்ட்டை நான் தேட வேண்டியிருக்காது.