எது பேர்டு, எது இன்டிபெண்டன்ட்? கேள்வியிலேயே விடை இருக்கிறது

"குமுளிப் பக்கம் 5 ஏலத்தோட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பாதிக்குப் பழைய உரம், மறுபாதிக்குப் புது உரம். பச்சைக்காய் எடை கிலோவில்: பழையது 12, 18, 9, 22, 15, புதியது 14, 19, 11, 25, 16. வேறு வேறு செடிகள்தானே என்று இன்டிபெண்டன்ட் டி டெஸ்ட் போட்டேன். சார் தவறு என்றார். கேள்வியைப் படித்ததும் எப்படிக் கண்டுபிடிப்பது?"

செடி வேறாக இருந்தாலும் தோட்டம் ஒன்றுதான். முதல் தோட்டத்தின் 12-க்கு ஜோடி 14 மட்டுமே. வேறெந்த எண்ணும் ஆகாது. இந்த ஒட்டுதல் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு பட்டியலின் எண்களை மனதுக்குள் கலைத்துப் போட்டுப் பாருங்கள். கலைத்ததில் ஏதாவது தகவல் தொலைந்தால் அது பேர்டு. ஒன்றும் தொலையாவிட்டால் இன்டிபெண்டன்ட்.

உங்கள் எண்களிலேயே பார்ப்போம். தோட்டவாரியாகக் கழித்தால் வித்தியாசம் 2, 1, 2, 3, 1. சராசரி 1.8, திட்ட விலக்கம் ஏறத்தாழ 0.84. அதை √5-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 0.37; t = 4.81. சுதந்திரப் பாகை 4-க்கு 5% அளவில், இருபக்கச் சோதனையில், அட்டவணை மதிப்பு 2.776. ஆக, வித்தியாசம் உறுதியாகிறது.

நீங்கள் செய்த வழியிலும் சராசரி வித்தியாசம் அதே 1.8தான். ஆனால் திட்டப் பிழை 3.29 ஆகிவிடுகிறது. t வெறும் 0.55, சுதந்திரப் பாகை 8-க்குத் தேவை 2.306. 9 கிலோ காய்க்கும் தோட்டத்துக்கும் 22 கிலோ காய்க்கும் தோட்டத்துக்கும் உள்ள மண், நிழல், ஈர வேறுபாடு முழுவதும் கணக்கில் நுழைந்து உரத்தின் பலனை மூடிவிட்டது. தோட்டத்துக்குள்ளேயே கழிக்கும்போது அந்த வேறுபாடு தானாக நீங்கிவிடுகிறது.

எக்செலில் கடைசி எண்தான் இதைச் சொல்கிறது. பேர்டுக்கு 1; இன்டிபெண்டன்ட்டுக்கு, பரவற்படி சமமானால் 2, இல்லையென்றால் 3.

```
=T.TEST(A2:A6,B2:B6,2,1)
```

இதே கேள்வி "10 தோட்டங்களில் குலுக்கல் முறையில் 5-க்குப் பழைய உரம், மீதி 5-க்குப் புது உரம்" என்று வந்திருந்தால் இன்டிபெண்டன்ட்தான். இரு பக்கமும் 5, 5 என்று எண்ணிக்கை சமமாக இருப்பதைப் பார்த்துப் பேர்டு போடும் மாணவர்கள் நிறையப் பேர். தாளில் எழுதிய வரிசையை ஜோடியாக எடுத்தால், வரிசை மாறும்போதெல்லாம் t-யும் மாறும். அதிலிருந்தே அந்த ஜோடி கற்பனை என்று தெரிந்துவிடும்.

"முன்", "பின்" என்ற சொற்களை மட்டும் நம்பிவிடாதீர்கள். பயிற்சிக்கு முன் 20 தொழிலாளர்களையும், பின் வேறு 20 பேரையும் அளந்திருந்தால் அது இன்டிபெண்டன்ட். மாறாக, ஒரே வீட்டுக் கணவன், மனைவியின் கூலியை ஒப்பிடுவது, ஆட்கள் வேறானாலும், பேர்டு. கேள்வியில் "அதே", "ஒவ்வொரு", "தலா இரண்டு முறை" என்பது போன்ற சொற்கள் வந்தால் அவை எதைக் குறிக்கின்றன என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள்.