120 சொற்களில் சுயவிவரம்: தலைப்பு, சுருக்கம், விவரம் ஆகியவற்றுக்கு எத்தனை எத்தனை?

கேள்வி: தமிழ்மொழி விழாவையொட்டி எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கான கதைப் பட்டறை ஒன்றை நடத்தப் போகிறேன். நான் பாலர் பள்ளித் தமிழாசிரியர். தலைப்பு, சுருக்கம், விவரம் என்று பிரித்து, மொத்தம் 120 சொற்களில் சுயவிவரம் கேட்டிருக்கிறார்கள். எப்படி எழுதினாலும் மூன்றிலும் ஒரே செய்தி திரும்ப வருகிறது. எதற்கு எத்தனை சொல் ஒதுக்குவது? என் வரைவை இணைத்திருக்கிறேன்.

பதில்: பெயருக்கு 2, தலைப்புக்கு 8, சுருக்கத்துக்கு 30, விவரத்துக்கு 80 என்று ஒதுக்குங்கள். இந்த எண்களை விட, இவை எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்தால்தான் அடுத்த முறை 60 சொல்லோ 200 சொல்லோ கேட்கும்போது நீங்களே பிரித்துக்கொள்ள முடியும். மூன்று பகுதிகளையும் படிப்பவர்கள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு தேவையோடு படிக்கிறார்கள். நிகழ்ச்சிப் பட்டியலில் கண்ணை ஓட்டும் தாயோ தந்தையோ தலைப்பை மட்டும் பார்த்து, இது தம் பிள்ளைக்கு ஏற்றதா என்று தீர்மானிக்கிறார். சுருக்கத்தை அன்றைய நெறியாளர் மேடையில் வாய்விட்டுப் படிக்கிறார். விவரத்தைப் படிப்பவரோ, ஏறக்குறைய வருவதென்று முடிவு செய்துவிட்டு, நம்பலாமா என்று சரிபார்க்க வந்தவர். ஒரே பார்வையில் பிடிபடுவதற்கு ஏழெட்டுச் சொல்லே தாங்கும். மூச்சு முட்டாமல், அவையோர் சலிக்காமல் மேடையில் படிக்க முப்பது போதும். சான்றுகளுக்குத்தான் இடம் வேண்டும், ஆகவே மிச்சம் முழுவதும் அங்கே போகிறது.

உங்கள் வரைவை எண்ணிப் பார்த்தேன். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லவே 34 சொற்கள் போயிருக்கின்றன. ‘அனுபவம் வாய்ந்த பாலர் பள்ளித் தமிழாசிரியர், கதைசொல்லி’ என்பது தலைப்பு. ‘பாலர் பள்ளித் தமிழாசிரியராகப் பல்லாண்டு அனுபவம் வாய்ந்த இவர் ஒரு கதைசொல்லியும் ஆவார்’ என்று சுருக்கம் தொடங்குகிறது, விவரமும் அதே வாக்கியத்தை ஆண்டுக் கணக்கோடு சேர்த்துச் சொல்கிறது. உங்கள் எழுத்துத் திறனில் குறை எதுவும் இல்லை. மூன்று பகுதிகளையும் ‘நான் யார்’ என்ற ஒரே கேள்விக்குப் பதிலாக எழுதியதுதான் காரணம்.

எனவே வாக்கியம் எழுதுவதற்கு முன், உங்களைப் பற்றிய செய்திகளை ஒரு தாளில் வரிக்கு ஒன்றாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் த, சு, வி என்று ஏதாவது ஓர் எழுத்தை மட்டும் இடுங்கள். ஒரு செய்திக்கு ஒரு வீடுதான். ‘யாருக்கு, என்ன செய்கிறேன்’ என்பது தலைப்புக்குப் போகும். ‘ஏன் இப்படிச் செய்கிறேன்’ என்பது சுருக்கத்துக்குப் போகும். ‘எங்கே, எப்போது முதல், எதைக் கொண்டு’ என்பதெல்லாம் விவரத்துக்கு உரியவை. இரண்டு எழுத்து இடத் தோன்றும் செய்திதான் பிறகு இரண்டு இடத்தில் வந்து நிற்கும். அதை அப்போதே பின்னுள்ள பகுதிக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வரைவின் கடைசி வரியில், நிழல் பொம்மைகளை வைத்துப் பிள்ளைகளைப் பேச வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தும் ஒரே செய்தி அடியில் புதைந்து கிடப்பதைப் பார்த்து எனக்கு மனம் கேட்கவில்லை. அதை மேலே கொண்டுவந்தால் தலைப்பு இப்படி அமையும்:

‘தமிழ் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு நிழல் பொம்மைகளால் கதை சொல்பவர்.’

எட்டுச் சொற்கள். ‘அனுபவம் வாய்ந்த’ என்பது போய்விட்டது, ஏனெனில் அனுபவத்துக்குச் சான்று விவரத்தில் வரப்போகிறது. ‘ஆசிரியர்’ என்ற சொல்லும் இல்லை, அதுவும் விவரத்துக்கு உரியது. அடுத்து சுருக்கம்:

‘வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பலர் வகுப்பில் ஒரு சொல்லோடு நின்றுவிடுவார்கள். அந்தப் பதிலைப் பொம்மையின் வாயால் சொல்லவைத்தால் வாக்கியமாக நீள்வதை இவர் கண்டார். பட்டறையில் பெற்றோரும் அதைத் தங்கள் கையால் செய்து பார்க்கலாம்.’

இதில் 25 சொற்கள் இருக்கின்றன. ‘பிள்ளைகள்’, ‘பொம்மை’ என்ற இரண்டு சொற்கள் தலைப்பிலிருந்து இங்கும் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தலைப்பும் சுருக்கமும் ஒருநாள் தனித்தனியே வெளியாகும் என்பதால், பேசுபொருளின் பெயர் இரண்டிலும் இருந்தாக வேண்டும். பெயர் திரும்பலாம், அதைப் பற்றிய கூற்று திரும்பக் கூடாது என்பதே நான் கடைப்பிடிக்கும் எல்லை. மீதமுள்ள ஐந்து சொற்களை அப்படியே விடுங்கள். நெறியாளர் தம் பங்குக்கு ஒரு வணக்கமோ அறிமுகமோ சேர்ப்பது வழக்கம்.

விவரத்தின் 80 சொற்களை நான்கு வாக்கியங்களாக, ஏறத்தாழ இருபது இருபதாக வைத்துக்கொள்ளலாம். முதல் வாக்கியத்தில் எந்த ஆண்டு முதல், எந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறீர்கள் என்பது வரட்டும். ‘பதினான்கு ஆண்டு அனுபவம்’ என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது பிழையாகிவிடும். தொடங்கிய ஆண்டை எழுதினால் விவரத்தை அப்படியே மறுபடியும் கொடுக்கலாம். இரண்டாம் வாக்கியம் செய்முறையைக் காட்டட்டும்: பழைய அட்டைப்பெட்டியில் வெட்டிய உருவங்கள், கைவிளக்கு, வெள்ளைத் துணி என்ற மூன்று பொருள்களின் பெயரைச் சொன்னாலே, பட்டறையில் என்ன நடக்கும் என்பது பெற்றோர் கண்முன் வந்துவிடும். மூன்றாவதில் இதுவரை நடத்திய பட்டறைகள், நான்காவதில் பெற்ற பயிற்சி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கையேட்டில் இடம் போதாவிட்டால், பக்கத்தை வடிவமைப்பவர் பெரும்பாலும் கீழிருந்துதான் வெட்டுவார். கடைசி வாக்கியம் போனாலும் விவரம் முழுமையாக நிற்க வேண்டும்.

எழுதி முடித்ததும் பிழை இருக்கிறதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. சுருக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு, தலைப்பையும் விவரத்தையும் மட்டும் படியுங்கள். எதுவும் குறைந்ததாகத் தோன்றாவிட்டால் சுருக்கம் தன் வேலையைச் செய்யவில்லை. அதன் 30 சொல்லும் வீண். அவ்வாறே ஒவ்வொரு பகுதியையும் மறைத்துப் பாருங்கள். சுருக்கத்தை மட்டும் நெறியாளரைப் போல உரக்கவும் படித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள்.

தமிழில் எழுதும்போது வரும் ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஏற்பாட்டாளர்கள் ஆங்கில வரைவையும் கேட்டால், அதே 120 அங்கே போதாது. ஆங்கிலத்தில் நான்கு சொல்லாகப் பிரியும் ‘இடத்துக்குள்ளிருந்து’ என்பதைப் போல, தமிழில் உருபுகள் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால், 120 தமிழ்ச் சொற்களின் பொருள் ஆங்கிலத்தில் கணிசமாக நீளும். அதற்காகச் சொற்களை ஒட்டி எண்ணிக்கையைக் குறைக்க முயல வேண்டாம். பக்கத்தில் அடைபடும் இடம் அப்படியேதான் இருக்கும், படிப்பவருக்கும் கண் தடுக்கும்.

சமூக ஊடகத்தில் போடுவதானால் எல்லை சொல்லில் இல்லை, எழுத்துக் கணக்கில் இருக்கிறது. லிங்க்ட்இன் தலைப்புக்கு 220, இன்ஸ்டாகிராம் அறிமுகத்துக்கு 150. ‘தமிழ்’ என்பதை நாம் மூன்று எழுத்தாகப் பார்க்கிறோம், யூனிகோடு முறையிலோ உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே கணக்காகி ஐந்தாகின்றன. ஆகவே விரலால் எண்ணாமல், அந்தந்தப் படிவத்திலேயே ஒட்டிப் பார்த்துவிடுங்கள்.

மொத்தமே 50 சொல்தான் என்று கேட்டால் மூன்றாகப் பிரிக்காதீர்கள். சுருக்கத்தை விட்டுவிட்டு, எட்டுச் சொல் தலைப்பு, இரண்டு சொல் பெயர், நாற்பது சொல் விவரம் என்று கொடுங்கள். ‘ஏன்’ என்பதை விவரத்தின் முதல் வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிடலாம்.