புதிய வருகைப் பதிவு நோட்டீஸ்: தொழிலாளர் கேள்விகளும் பதில்களும்

பனியன் கம்பெனி நோட்டீஸ் சொல்வது: ஷிப்ட் காலை 8.30. 8.40 வரை சலுகை. அதற்கு மேல் மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடித்தம். முறையீடு 3 வேலை நாளுக்குள்.

தையல் பிரிவிலிருந்து: மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கலாமா சார்?

பிடிக்க முடியாது. முன்பிருந்த 1936 ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் 9ஆம் பிரிவானாலும், அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத்தொகுப்பின் 20ஆம் பிரிவானாலும், வேலையில் இல்லாத நேரத்துக்கு உரிய பங்கைத்தான் பிடிக்க முடியும். 8 மணி நேரத்துக்கு 720 ரூபாய் கூலி என்றால் நிமிடத்துக்கு 1.50. மூன்று நாள் 12, 15, 18 நிமிடம் தாமதம் என்று வையுங்கள். மொத்தம் 45 நிமிடம், 67.50 ரூபாய். அரை நாள் என்று 360 எடுத்தால் மிச்சம் 292.50-க்குக் கணக்கே இல்லை. அதை அபராதம் என்று சொன்னால், முன்கூட்டி அனுமதி பெற்று அறிவித்த குற்றமாக இருக்க வேண்டும், உங்கள் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், தொகையும் அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சம்பளத்துக்குப் பதில் கேஷுவல் லீவைக் கழித்தால் சரியா என்பதில் வழக்கறிஞர்களே ஒத்துப்போவதில்லை. உங்கள் நிலையாணையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பேக்கிங் பிரிவிலிருந்து: 8.40 வரைக்கும் சலுகைன்னா, 8.41-க்கு வந்தா ஒரு நிமிஷம்தானே லேட்டு?

8.40 வரை கேட்க மாட்டார்கள் என்பது வரை சரி. ஆனால் ஷிப்ட் 8.30-க்கே தொடங்கிவிடுகிறது. தனியாக எழுதாவிட்டால் 8.41 என்பது 11 நிமிடமாகவே கணக்காகும். இதைவிடப் பெரிய தொல்லை பஞ்ச் மெஷின் வரிசை. கேட்டுக்குள் 8.36-க்கு வந்தவர் விரல் வைக்கும்போது 8.42 ஆகிவிடும்; சாஃப்ட்வேருக்கு அந்த நேரம் மட்டுமே தெரியும். கேட் ரிஜிஸ்டர் நேரமும் செல்லும் என்று நோட்டீஸிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கட்டிங் பிரிவிலிருந்து: நேத்து ரெண்டு மணி நேரம் ஓ.டி. பார்த்தேன். இன்னிக்கு 20 நிமிஷ லேட்டை அதுல கழிச்சுக்கச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள், உங்களுக்குத்தான் நஷ்டம். ஓ.டி.க்கு இரட்டைக் கூலி. மேலே சொன்ன 720 ரூபாய்க் கூலியில் 20 நிமிடத் தாமதம் 30 ரூபாய், 20 நிமிட ஓ.டி. 60 ரூபாய்.

செக்கிங் பிரிவிலிருந்து: முறையீட்டுக்கு 3 நாள்னா எந்த நாள்ல இருந்து?

நோட்டீஸில் இல்லாதது அதுதான். தாமதமான நாளிலிருந்து என்றால், சம்பளச் சீட்டு வரும்போது கெடு முடிந்திருக்கும். 'பிடித்தம் தெரியவந்த நாளிலிருந்து' என்று திருத்தக் கேளுங்கள். திருத்தும் வரை வாரம் ஒருமுறை டைம் ஆபீஸில் பஞ்ச் ரிப்போர்ட்டைப் பார்த்துவிடுங்கள். தவறு இருந்தால் தேதி, பஞ்ச் நேரம், கேட் நேரம், கூட வந்தவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேட் போட்ட சூப்பர்வைசரே முறையீட்டையும் விசாரிப்பதாக இருந்தால் ஒத்துக்கொள்ளாமல் எச்.ஆர். மேலாளருக்கு எழுதுங்கள். அங்கேயும் பதில் வராவிட்டால், முத்திரை வாங்கிய அந்தப் பிரதியோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.