கொழுந்தனாரின் இரண்டு லட்சத்தை மிஷின் கடனில் சேர்க்கலாமா?

கேள்வி: நாங்க மூணு பொம்பளைங்க சேர்ந்து பெருமாநல்லூர் பக்கம் ஆறு மிஷின் வெச்சு பவர் டேபிள் நடத்துறோங்க. குழந்தைங்க டீ-சர்ட் ஜாப் ஒர்க், மாசம் 12,000 பீஸ் வரும். எங்ககிட்ட பேட்லாக் இல்லாததால அந்த வேலையை மட்டும் பீஸுக்கு 2 ரூபா கொடுத்து வெளியில அடிக்கறோம். ஒரு பேட்லாக், ஒரு ஓவர்லாக், ஸ்டெபிலைசர், வயரிங் எல்லாம் சேர்த்து கொட்டேஷன் 2,40,000. கையில 40,000 இருக்கு. ஆனா பேங்க்ல 4 லட்சம் கேக்கலாம்னு இருக்கோம். கூட வர்ற 2 லட்சம் என் கொழுந்தனாருக்கு. ஆப்ஷன் டிரேடிங்ல போட்டு அந்தத் தவணையை அவரே மாசாமாசம் கட்டிடறேங்கறார். கடைக்காரரும் பில்லைக் கூட்டிப் போட்டுத் தர்றேன்னுட்டார். மேனேஜருக்கு இப்படி எழுதியிருக்கேன்: "நாங்கள் கடினமாக உழைக்கும் மகளிர். எங்கள் தொழிலை விரிவுபடுத்தி மேலும் பல பெண்களுக்கு வேலை தர 4 லட்சம் கடன் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." இது போதுங்களா?

பதில்: போதாது. ஆனால் எழுதிய விதத்தைவிட அந்த 4 லட்சம்தான் பெரிய தப்பு. அதை முதலில் அடியுங்கள்.

பில்லைக் கூட்டிப் போடுவதை எல்லோரும் செய்வதுதானே என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். திருப்பூரைச் சுற்றியுள்ள கிளைகளில் மேசைக்கு மேசை மிஷின் கொட்டேஷன் கிடக்கும். பேட்லாக் என்ன விலை போகிறது என்று அந்த அதிகாரிக்கு உங்கள் அளவுக்கே தெரியும், சந்தேகம் வந்தால் இன்னொரு கடைக்கு ஒரு போன் போடுவார், அவ்வளவுதான். பணம் பொதுவாக உங்கள் கைக்கு வராமல் நேரே மிஷின் கடைக்குப் போகும், அப்புறம் மிஷின் வந்து இறங்கியதா என்று நேரில் பார்க்க வருவார்கள், அந்த மிஷின் பேங்க்கின் பிடியில் இருக்கும். பொய் பில் வெளியே வந்தால் கொழுந்தனாரை யாரும் கேட்க மாட்டார்கள். கையெழுத்து உங்களுடையது, கெட்டுப்போகும் சிபில் உங்களுடையது. மாட்டிக்கொள்ளாவிட்டாலும், மிஷினுக்கு என்று வாங்கிய கடனை டிரேடிங்கில் போடுவது கடன் விதியை மீறுவதுதான்.

சரி, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றே வைத்துக் கணக்குப் போடுவோம். வட்டி 11 சதவீதம், 36 மாதம் என்றால் ஒரு லட்சத்துக்குத் தவணை ஏறக்குறைய 3,275 ரூபாய். 2 லட்சத்துக்கு 6,550. 4 லட்சத்துக்கு 13,100.

புது பேட்லாக் என்ன தரும்? இப்போது வெளியில் பீஸுக்கு 2 ரூபாய் போகிறது. உங்கள் சொந்த மிஷினில் டெய்லருக்கு 1 ரூபாய் கூலி, நூலுக்கும் கரண்டுக்கும் ஒரு 15 பைசா என்று வையுங்கள் (உங்கள் ஊர்க் கூலி வேறாக இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்). 85 பைசா மிஞ்சும், 12,000 பீஸுக்குச் சுமார் 10,000 ரூபாய். இப்போது வரும் வருமானம் மூன்று வீட்டுச் செலவுக்குப் போய்விடுகிறது என்பதால் தவணைக்கு இந்த 10,000தான் ஆதாரம். புது ஓவர்லாக்கால் பீஸ் கூடும் என்பீர்கள், கூடலாம். ஆர்டர் கையில் வரும்வரை அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தவணை ஒரு ரூபாய் என்றால் அதைக் கட்ட ஒன்றரை ரூபாயாவது மிஞ்சுகிறதா என்றுதான் பல பேங்க்காரர்கள் பார்ப்பார்கள். 6,550க்கு 10,000 மிஞ்சினால் சரியாக அந்த அளவு வருகிறது. 13,100க்கு 10,000 என்றால் முதல் மாதமே 3,100 பள்ளம். கொழுந்தனார் ஒரு மாதம் தவறினாலும் அந்தப் பள்ளத்தை மூன்று பேரும் வீட்டுக்காசில் நிரப்ப வேண்டும். மற்ற இரண்டு பேரிடம் இதைச் சொல்லிவிட்டீர்களா? உங்கள் வீட்டு உறவுக்காக அவர்கள் ஏன் கட்ட வேண்டும்?

அவர் கட்டுவார் என்ற நம்பிக்கையையும் பார்த்துவிடலாம். முதலைத் தொடாமல் 6,550 கட்ட, 2 லட்சத்தில் மாதம் தவறாமல் மூன்றேகால் சதவீதம் லாபம் எடுக்க வேண்டும், 36 மாதமும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருந்தார்கள். ஆளுக்குச் சராசரி நட்டம் சுமார் 2 லட்சம். இப்போது டீக்கடைக்கு டீக்கடை இதைப் பற்றித்தான் பேச்சு. சொந்தக் காசில் செய்வதே ஆபத்து, அடுத்தவர் பெயரில் வாங்கிய தவணைக் கடனில் செய்வதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்றால், "பேங்க் நேரா கடைக்குத்தான் பணம் கொடுக்குது, கொட்டேஷனுக்கு மேல ஒரு ரூபா வராதுங்க" என்று சொல்லுங்கள். கடைக்காரரிடமும் அதையே சொல்லி உண்மை விலைக்கு பில் கேளுங்கள்.

இனி அந்தப் பத்தி. உழைப்பு, மகளிர், விரிவாக்கம் எல்லாம் அதிகாரி தினமும் படிக்கிற சொற்கள். அவருக்குத் தெரிய வேண்டியது என்ன வாங்குகிறீர்கள், அது எந்தச் செலவைக் குறைக்கும், வேலை குறைந்தால் எப்படிக் கட்டுவீர்கள் என்பதுதான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பெருமாநல்லூரில் ஆறு மிஷின்களுடன் மூன்று பெண்கள் சேர்ந்து ஜாப் ஒர்க் செய்கிறோம். மாதம் சராசரி 12,000 பீஸ், ஓராண்டு டெலிவரி சலான் இணைத்துள்ளோம். பேட்லாக் வேலைக்கு மாதம் 24,000 ரூபாய் வெளியில் தருகிறோம். சொந்த மிஷின் இருந்தால் இதில் சுமார் 10,000 மிஞ்சும். மிஷின்கள் கொட்டேஷன்படி 2,40,000, எங்கள் பங்கு 40,000. மீதி 2,00,000 ரூபாயை முத்ரா கிஷோர் பிரிவில் 36 மாதத் தவணையில் கேட்கிறோம். தவணை சுமார் 6,550. வேலை 7,000 பீஸாகக் குறையும் மாதங்களில் மிச்சம் சுமார் 6,000 ஆகும், குறையும் தொகைக்காக இரண்டு தவணைப் பணத்தைக் கணக்கில் தனியாக வைத்திருப்போம்."

அந்த 7,000 பீஸ் வரியை எழுதத் தயங்காதீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்புவதற்குள் மிஷின் எத்தனை நாள் சும்மா நிற்கும் என்று அவருக்கும் தெரியும், நீங்களே அதை எழுதினால் மற்ற எண்களையும் நம்புவார். இரண்டு தவணைப் பணம் 13,100 ரூபாய், அதை இந்த சீசனிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கிஷோர் பிரிவு 50,000க்கு மேல் 5 லட்சம் வரை. வீட்டுப் பத்திரமோ நகையோ அடமானம் கேட்கக் கூடாது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் udyamregistration.gov.in தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்து நீங்களே போடலாம். அதற்குக் கட்டணமே கிடையாது, ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கம்பெனிக்காரர்கள் பீஸ் கூலியைக் கையில் ரொக்கமாகத் தருகிறார்களா? அப்படியென்றால் சலானில் 12,000 பீஸ் இருக்கும், பாஸ்புக்கில் அதில் பாதிக்கூடத் தெரியாது, பத்தி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதிகாரி அங்கே நின்றுவிடுவார். இந்த வாரத்திலிருந்து கூலியை அக்கவுண்டில் போடச் சொல்லி, ஆறு மாத வரவு சேர்ந்த பிறகு புதுத் தேதியில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போங்கள். அதுவரை பேட்லாக் வெளியிலேயே அடிக்கட்டும்.