ஒரு மணிநேர மொடலிங் டெஸ்ட்: அளவை மாற்றச் சொன்னால் தாங்குமா?

"வணக்கம் சேர். நான் தலவாக்கலை. ஹட்டனில் சொலிட்வேர்க்ஸ் கோர்ஸ் முடித்திருக்கிறேன். பியகமவில் மெஷின் செய்யும் கம்பனி ஒன்று ட்ராஃப்ட்ஸ்மன் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்கிறது. அன்றைக்கே ஒரு மணிநேர மொடலிங் டெஸ்ட்டும் இருக்காம். என்ன மாதிரி வேலை தருவாங்க, எதைப் பழகிட்டுப் போகணும்?"

தம்பி, கம்பனிக்குக் கம்பனி தாள் வேறுபடும். செய்து வைத்த பாகங்களைத் தந்து அசெம்பிளி பண்ணச் சொல்வார்கள், அல்லது ஒரு மொடலைத் தந்து அதற்கு டிராயிங் தாள் போடச் சொல்வார்கள். ஆனால் மெஷின் வேலை செய்யும் இடங்களில் அதிகம் வருவது இதுதான்: அச்சடித்த வரைபடம் ஒன்றைத் தருவார்கள், அதை மொடல் செய்து பாகத்தின் எடையைக் கிராமில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பக்கத்தில் வந்து, "இந்த இரண்டு அளவையும் மாற்றிவிட்டுப் புது எடையைச் சொல்லுங்கள்" என்பார்கள். முதல் பகுதியைப் பலரும் முடித்துவிடுவார்கள். ஆட்கள் பிரிவது இரண்டாம் பகுதியில்தான். இப்படியான தாள்களைத் தயாரித்தவன், வந்த ஃபைல்களைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் அந்த ஒன்றையே விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பெயரிங் தாங்கியை எடுத்துக்கொள்வோம். அடித்தட்டு 120 மி.மீ. நீளம், 80 அகலம், 15 தடிப்பு. அதன் பின் விளிம்போடு ஒட்டி, நீளத்தின் சரி நடுவில், 60 அகலமும் 15 தடிப்பும் கொண்ட ஒரு சுவர் எழும்புகிறது. சுவரின் தலை 30 ஆரையுள்ள அரைவட்டம். அந்த வட்டத்தின் மையம் தட்டின் அடியிலிருந்து 65 உயரத்தில் இருக்கிறது. அதே மையத்தில் 30 விட்டத்தில் ஒரு துளை. தட்டின் நான்கு மூலைகளிலும் 12 விட்டத் துளைகள், விளிம்புகளிலிருந்து 15 தள்ளி. உருக்கு, அடர்த்தி 7850 கிலோ/கன மீற்றர். அவ்வளவுதான் தாள்.

கொம்பியூட்டரைத் தொடுவதற்கு முன் ஐந்து நிமிடம் தாளை மட்டும் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் வீண் இல்லை. அளவு மி.மீ.யா அங்குலமா என்று பார்த்து, திரையின் கீழ் வலது மூலையில் `MMGS` என்று இருக்கிறதா என உறுதி செய்யுங்கள். பிறகு எறியக் குறியீட்டைத் தேடுங்கள். முதற்கோண எறியத்தில் மேற்பார்வை முன்பார்வைக்குக் கீழே வரும், மூன்றாங்கோணத்தில் மேலே வரும். அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் கம்பனியின் தாள் மூன்றாங்கோணமாக இருக்கலாம். முதற்கோணத்தில் பழகிய கண்ணோடு அதைப் படித்தால் பாகம் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறிப்போகக்கூடும். அப்படி மாறிய பாகத்தின் எடையும் சரியான பாகத்தின் எடையேதான். ஆகவே எடை ஒத்துப்போவதை வைத்து இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

இனி மொடல். தட்டின் மூலையை ஒரிஜினில் வைத்துத் தொடங்குவதுதான் பலருக்கும் பழக்கம். வேண்டாம். `Top Plane`ல் `Center Rectangle` எடுத்து ஒரிஜினை நடுவில் வையுங்கள். அப்போது நடுவே செல்லும் `Right Plane`, `Front Plane` இரண்டும் உங்களுக்குச் சும்மா கிடைக்கின்றன. சுவரின் ஸ்கெட்சைத் தட்டின் பின் முகத்தில் வரையும்போது வட்டத்தின் மையத்தை ஒரிஜினுக்கு நேர் மேலே `Vertical` உறவால் நிறுத்துங்கள். இடது விளிம்பிலிருந்து 60 என்று அளவு போட்டாலும் படம் அதே மாதிரித்தான் தெரியும். ஆனால் தட்டு நீண்டால் சுவர் நடுவில் நிற்காது. 65 என்ற உயரத்தைத் தட்டின் அடி விளிம்பிலிருந்தே கொடுங்கள், ஏனென்றால் தாள் அப்படித்தான் கொடுத்திருக்கிறது. மேல் முகத்திலிருந்து 50 என்று மனத்தில் கழித்துப் போடுவது இன்றைக்குச் சரியாக வரும், தட்டின் தடிப்பு மாறும்போது பிழைக்கும்.

துளைகளில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இரு விளிம்புகளிலிருந்தும் 15, வெட்டு `Through All`. மற்ற மூன்றும் நடுத்தளங்களில் `Mirror` செய்தால் வந்துவிடும். `Linear Pattern` போட்டு இடைவெளி 90 என்று அடித்தால் அதுவும் இன்றைக்குச் சரி. நீளம் மாறினால் வலப்பக்கத் துளைகள் விளிம்பைவிட்டு உள்ளே தள்ளி நிற்கும். தாளில் ஓர மழுங்கல் வட்டங்கள் இருந்தால் அவற்றை எல்லாவற்றுக்கும் கடைசியில் போடுங்கள். அளவு மாறும்போது முதலில் உடைவது `Fillet`தான். அது ஆரம்பத்திலேயே இருந்தால் அதன் விளிம்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பின்வேலைகளும் சேர்ந்து சிவப்பாகும்.

ஒவ்வொரு ஸ்கெட்சையும் மூடுவதற்கு முன் கோடுகள் எல்லாம் கறுப்பாகிவிட்டனவா என்று பாருங்கள். நீலம் என்றால் அந்தக் கோட்டை இன்னும் எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை. மூடிய பிறகும், திரையின் இடப்பக்கத்தில் வேலைகளை வரிசையாகக் காட்டும் மரத்தில் ஸ்கெட்ச் பெயருக்கு முன்னால் `(-)` தெரிந்தால் அதே அர்த்தம்தான். ஃபைலைத் திறந்ததும் நான் முதலில் தேடுவது இந்தக் குறியைத்தான்.

எடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொலிட்வேர்க்ஸ் நூலகத்தில் `Plain Carbon Steel` எடுத்தால் அடர்த்தி 7800, `AISI 1020` எடுத்தால் 7900. தாளில் இருப்பதோ 7850. மொடல் சரியாக இருந்தும் விடை ஏறத்தாழ பத்துக் கிராம் தள்ளிப்போகும். கைவழி எளிது. `Mass Properties`ல் கனவளவைப் பாருங்கள், அது எந்த உலோகத்தைத் தெரிந்தாலும் மாறாது. நம் பாகத்துக்கு அது 192817 கன மி.மீ. கல்குலேட்டரில் பெருக்கிக்கொள்ளுங்கள்:

```
192817 × 0.00785 = 1513.6 g
```

இப்போது மேசைக்குப் பக்கத்தில் வந்து, நீளத்தை 140 ஆக்குங்கள், தட்டின் தடிப்பை 20 ஆக்குங்கள் என்கிறார்கள். மற்றதெல்லாம் அப்படியே. அளவின் மீது இரட்டைக் கிளிக் செய்து இரண்டையும் மாற்றி, `Ctrl+Q` அழுத்தி முழு மொடலையும் திரும்பக் கட்டவிடுங்கள். சரியான விடை 2088.5 கிராம்.

அது சரிதானா என்று எப்படித் தெரியும்? வித்தியாசத்தை மட்டும் தாளில் போட்டுப் பார்க்கலாம். தட்டு 80000 கன மி.மீ. கூடுகிறது. மையம் 65லேயே நிற்பதால் சுவர் 5 மி.மீ. குட்டையாகி 4500 குறைகிறது. துளைகள் நான்கும் 5 மி.மீ. ஆழமாவதால் இன்னும் 2262 குறைகிறது. மிச்சம் 73238, அதை 0.00785 ஆல் பெருக்கினால் 575 கிராம் வரும். பழைய 1513.6 ஓடு கூட்டிப் பாருங்கள், பொருந்துகிறது. இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

பொருந்தாவிட்டால் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே பிழை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். 2123.9 வந்தால் 35 கிராம் கூடுதல்: மைய உயரத்தைத் தட்டின் மேல் முகத்திலிருந்து அளந்திருக்கிறீர்கள், சுவர் குட்டையாகவில்லை. 2106.3 வந்தால் 18 கிராம் கூடுதல்: துளையை `Blind` 15 என்று வெட்டியிருக்கிறீர்கள், அடியில் 5 மி.மீ. அடைபட்டுக் கிடக்கிறது. பாகத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தாலே அது கண்ணுக்குத் தெரியும்.

எடை காட்டாத பிழை ஒன்றும் உண்டு. சுவர் நடுவைவிட்டு விலகி நின்றாலும் எடை 2088.5 தான். ஆகவே அதே `Mass Properties` பெட்டியில் புவியீர்ப்பு மையத்தின் X பெறுமானத்தையும் பாருங்கள். ஒரிஜின் நடுவில் இருப்பதால் அது பூச்சியமாக இருக்க வேண்டும். இடது விளிம்பிலிருந்து சுவரை அளந்திருந்தால் சுவர் 10 மி.மீ. இடப்பக்கம் பின்தங்கும், X −1.9 அளவில் நிற்கும். தாளில் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த எண்ணைப் பாருங்கள். தாள் தயாரிப்பவர்களில் சிலர் எடையோடு புவியீர்ப்பு மையத்தையும் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பழகுவதற்கு ஒரு கூட்டாளி வேண்டும். தலவாக்கலையைச் சுற்றித் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே வேலை செய்யும் யாரையாவது கேட்டு, கொழுந்து வாட்டும் விசிறியிலிருந்து கழற்றிப்போட்ட பழைய பெயரிங் தாங்கியோ பிராக்கெட்டோ ஒன்றை வாங்குங்கள். வேர்னியரால் அளந்து கையால் வரையுங்கள், பிறகு மணிக்கூட்டை வைத்து மொடல் செய்யுங்கள். முடிந்ததும் கூட்டாளி தன் இஷ்டத்துக்கு இரண்டு அளவை மாற்றட்டும். எதை மாற்றப்போகிறார் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. மரத்தில் ஒரு சிவப்புக் குறிகூட வராமல் மாறும்வரை அதே பாகத்தை அழித்து அழித்துச் செய்யுங்கள். தினம் ஒரு புதுப் பாகம் செய்வதைவிட இது கை கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம். வீட்டில் சொலிட்வேர்க்ஸ் இல்லையென்றால் ஃப்ரீகாட் போதும். அது இலவசம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும். பட்டன்களின் இடம் மாறுமே தவிர, ஒரிஜினை எங்கே வைப்பது, எதிலிருந்து அளப்பது என்ற தீர்மானம் மாறாது. சொலிட்வேர்க்ஸின் CSWP பரீட்சையில் முதல் பகுதியும் இதே மாதிரி அளவுகளை மாற்றச் சொல்வதுதான். அதன் மாதிரித் தாள் கிடைத்தால் செய்து பாருங்கள்.

போவதற்கு முன் கம்பனிக்கு ஒரு கோல் எடுத்து, எந்த சொஃப்ட்வேர், எந்த ஆண்டு வேர்ஷன் என்று கேளுங்கள். கேட்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். டெஸ்ட் காலையில் என்றால் முதல் நாளே கீழே இறங்கி, தெரிந்தவர் வீட்டில் தங்குவது நல்லது. அவிசாவளை வழியில் விடிய விடிய பஸ்ஸில் இருந்துவிட்டு வந்த கண்ணுக்கு, தாளில் 65 எந்த விளிம்பிலிருந்து தொடங்குகிறது என்பது தப்பிப்போகும்.

நேரப் பிரிப்பில் எனக்குப் பிடித்த கணக்கு: வாசிக்க ஐந்து நிமிடம், மொடலுக்கு முப்பது, சரிபார்க்கப் பத்து, மிச்சம் மாற்றத்துக்கு. ஏதாவது ஒரு `Fillet` பிடிவாதம் பிடித்தால் அதைவிட்டு மேலே போங்கள். கொடுக்கும்போது, "இந்த மழுங்கல் மட்டும் வரவில்லை, எடை அது இல்லாமல் எடுத்தது" என்று வாயால் சொல்லிவிடுங்கள். ஃபைலை முதல் ஸ்கெட்ச் முடிந்ததுமே உங்கள் பெயரில் சேவ் செய்யுங்கள். அளவை மாற்றச் சொன்னதும் முதலில் அதே பெயரில் ஒருமுறை சேவ் செய்துவிட்டு, பிறகு `Save As` போட்டு இன்னொரு பெயரில் வைத்துக்கொண்டு அதில் மாற்றுங்கள். இரண்டாவது உடைந்தாலும் முதல் விடைக்கான மொடல் பழுதில்லாமல் அவர்கள் கையில் இருக்கும்.