மலிவாகத் தெரியும்போது விலகுங்கள்

கேள்வி: பொருளாதாரம் மீளும்போது வங்கி, வாகனம், உச்சத்தில் உலோகம், எண்ணெய், சரியும்போது சோப்பு, மருந்து என்று ஒரு வட்டப்படம் பார்த்தேன். அதன்படி துறை மாறி மாறி வாங்கினால் போதாதா? உலோகப் பங்குகளை பி.இ. குறைவாக இருக்கும்போது பிடிப்பதுதானே முறை?

பதில்: படம் தப்பில்லை. அதை நீங்கள் படிக்கிற விதம்தான் ஆபத்து. அதிலும் அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் பகீரென்றது.

வங்கியும் வாகனமும் முன்னால் போவதற்குக் காரணம் வட்டி. வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை ரிசர்வ் வங்கி குறைத்தால் இ.எம்.ஐ. இறங்குகிறது, தள்ளிப்போட்ட வண்டியும் வீடும் வாங்கப்படுகின்றன, கடன் வளர்கிறது. உலோகத்தின் கதை வேறு. புது ஆலை எழும்பச் சில வருடங்கள் ஆகும். இருக்கிற ஆலைகள் எல்லாம் முழு மூச்சில் ஓடியும் சரக்கு போதாதபோதுதான் விலை எகிறும். அது ஏற்றத்தின் பின்பாதியில் நடப்பது.

இப்போது உங்கள் பி.இ. விஷயம், அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வரும் எண். ஒரு டன் எஃகு 50,000 ரூபாய், அடக்கச் செலவு 45,000 என்று வையுங்கள். லாபம் 5,000. விலை பத்தே சதவீதம் ஏறினால் லாபம் 10,000, அதாவது இரட்டிப்பு. பத்து சதவீதம் இறங்கினால் லாபமே இல்லை. உச்சத்தில் லாபம் இப்படி ஊதிப்போகிறது. அது நிலைக்காது என்று சந்தைக்குத் தெரியும், ஆகவே பங்கு விலையை அதே அளவுக்கு ஏற்றாது. வகுத்துப் பார்த்தால் பி.இ. மூன்று, நாலு என்று வரும். நீங்கள் அதை மலிவு என்கிறீர்கள். அது சுழற்சியின் உச்சம். அடிமட்டத்தில் லாபம் கரைந்து பி.இ. எக்கச்சக்கமாகத் தெரியும், அல்லது நஷ்டத்தால் கணக்கிடவே முடியாது. வாங்குவதற்கான நேரம் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும்.

நடந்ததையே பாருங்கள். டாடா ஸ்டீல் 2021-22இல் சம்பாதித்த நிகர லாபம் 41,000 கோடி ரூபாய்க்கு மேல். 2022 மே தொடக்கத்தில் அந்தக் கணக்கு வெளியானபோது பி.இ. நாலை ஒட்டியிருந்தது. அதே மாதம் 21ஆம் தேதி எஃகு ஏற்றுமதிக்கு மத்திய அரசு 15 சதவீத வரி போட்டது. அடுத்த வர்த்தக நாளே உலோகப் பங்குகள் சரிந்தன. வரியை நவம்பரில் எடுத்துவிட்டார்கள், ஆனால் லாபம் திரும்பவில்லை. 2022-23இல் சுமார் 8,000 கோடி. 2023-24இல், ஐரோப்பிய ஆலைகளின் சுமையும் சேர்ந்து, 4,900 கோடி நஷ்டம். இதே இரண்டு வருடத்தில் சோப்பு விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர் 8,800 கோடியிலிருந்து 10,100 கோடிக்குப் போனது. மந்தத்திலும் யாரும் குளிக்காமல் இருப்பதில்லை. அந்தப் பங்கின் பி.இ. எப்போதும் உயரத்தில் இருப்பதும் இதனால்தான்.

அடுத்த சிக்கல் கடிகாரம். 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் ஜி.டி.பி. சுமார் 24 சதவீதம் சுருங்கியது என்ற செய்தி ஆகஸ்ட் 31ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் நிஃப்டி மார்ச் அடிமட்டமான 7,610 புள்ளியிலிருந்து ஏறக்குறைய 50 சதவீதம் ஏறி முடித்திருந்தது. பேப்பரில் 'மந்தம்' என்று படித்துவிட்டு சோப்புப் பங்கு வாங்கப் போனவர், ரயில் போன பிறகு டிக்கெட் எடுத்தவர். அந்த முறை வரிசையும் மாறியது. வங்கிகள் முன்னால் வரவில்லை. கடன் தவணைக்கு ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்திருந்ததால் வாராக்கடன் எவ்வளவு என்று யாருக்கும் புரியவில்லை. முதலில் ஓடியவை மருந்தும் ஐ.டி.யும். நம் ஐ.டி. நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் அமெரிக்காவில் என்பதால் அவை நம் சுழற்சியைவிட அவர்கள் சுழற்சிக்குத்தான் ஆடும். வட்டப்படமும் அங்கிருந்து வந்ததே.

இடம் மாறுவதும் இலவசமில்லை. வாங்கி ஒரு வருடத்துக்குள் விற்று 10,000 ரூபாய் லாபம் பார்த்தால், 20 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 2,080 போய்விடும். வாங்கும்போதும் விற்கும்போதும் எஸ்.டி.டி. என்ற பங்குப் பரிவர்த்தனை வரி தனி. அமெரிக்கச் சந்தையின் அறுபது வருடக் கணக்கை அலசிய ஓர் ஆய்வில், சுழற்சியின் ஒவ்வொரு திருப்பத்தையும் துல்லியமாகக் கணித்தவருக்கே, செலவு போகுமுன், வருடத்துக்கு அதிகபட்சம் 2.3 சதவீதம்தான் கூடுதலாகக் கிடைத்தது.

உலோகப் பங்கு கையில் இருந்தால் பி.இ.யை விட்டுவிட்டு விலை-புத்தக மதிப்பு விகிதத்தைப் பாருங்கள், அதாவது சொத்தில் கடனைக் கழித்து மிஞ்சும் மதிப்பைப்போல் பங்கு விலை எத்தனை மடங்கு என்று. பங்கு விலையை நிறுவனத்தின் கடந்த பத்து வருட சராசரி லாபத்தை வைத்து வகுத்தும் பாருங்கள். அப்படிப் பார்த்தும் மலிவாக இருந்தால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.