பத்து மணித் தேர்வு பத்து மணிக்குத் தொடங்குகிறதா?

கேள்வி: வேலைக்கு விண்ணப்பித்தவர்களுக்குக் கண்காணிப்புடன் ஆன்லைன் தேர்வு நடத்தும் சேவையை வாங்கினோம். ஒரு மணி நேரத் தேர்வு. 10 மணிக்கு எட்டுப் பேர், 11 மணிக்கு எட்டுப் பேர், கண்காணிப்பாளர் ஒருவர். பாதிப் பேர் நேரம் போதவில்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மைதான். முகத்தை அடையாள அட்டையோடு ஒப்பிட்டு, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லிப் பார்ப்பதற்கு ஆளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால்கூட, எட்டாவது நபரின் முறை முடியும்போது மணி 10.48. கடிகாரம் 10 மணிக்கே ஓடத் தொடங்கியிருந்தால் அவருக்கு மிஞ்சுவது 12 நிமிடம். முழு நேரமும் கொடுத்தால் அவர் 11.48 வரை எழுதுவார். 11 மணிக்கு வந்தவர்கள் அதுவரை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கண்காணிப்பாளருக்கு எத்தனை பேர் என்பதைச் சொல்லாமல் ஸ்லாட்டுகளை மட்டும் விற்பதைத்தான் நான் வெகுநாளாகக் கண்டித்துவருகிறேன். இரண்டு கண்காணிப்பாளர்களைக் கேட்டு, சரிபார்ப்பை 9.30-க்கே தொடங்குங்கள், 9.54-க்கு முடிந்துவிடும். அடுத்த தேர்வை 12 மணிக்குத் தள்ளி வைத்தால், 11.30-க்கு அதற்கான சரிபார்ப்பு தொடங்கும்வரை, இணைப்பு அறுந்தவர்கள் விட்ட நேரத்தை எழுதி முடிக்கலாம். முதல் கேள்வி திரையில் தோன்றும்போதுதான் அவரவர் கடிகாரம் ஓட வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தேர்வுக்காகவே புது வெப்கேம் வாங்கினேன். அட்டையில் எழுத்துத் தெரியவில்லை என்று நிராகரித்துவிட்டார்கள்.

பதில்: பெட்டியில் போட்டிருந்த தெளிவுத்திறனை நம்பி நானும் அப்படி ஒன்றை வாங்கினேன், முகம் துல்லியமாகத் தெரிந்தது, அருகில் காட்டிய எதுவும் மங்கியது. குவியம் நிலையாக அமைக்கப்பட்ட கேமராக்கள் அப்படித்தான். தானாகக் குவியும் கேமராவாக மாற்றிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், எழுத்துத் தெளியும்வரை அட்டையைப் பின்னுக்கு நகர்த்தி, விளக்கொளி அதன்மேல் வெள்ளைத் திட்டாக விழாதபடி சற்றுச் சாய்த்துப் பிடித்து, முந்தைய நாளே பார்த்து வையுங்கள்.

கேள்வி: அலுவலக மடிக்கணினியில் எழுதலாமா?

பதில்: கூடாது. கண்காணிப்பு மென்பொருளை நிறுவவே அதில் பெரும்பாலும் அனுமதி இருக்காது.

கேள்வி: கணினிச் சோதனைப் பக்கத்தை நான் திறக்கவில்லை. தேர்வன்று கேமரா கறுப்பாக இருந்தது. கட்டணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: சோதித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிய இணைப்பைத் திறக்காதவருக்காக நான் வாதாட மாட்டேன். வேறொரு வீடியோ அழைப்புச் செயலி கேமராவைப் பிடித்து வைத்திருந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தேன். ‘தேர்வு முடிந்தது’ என்று காட்டியது. நிறுவனமும் தேர்வு நடத்தியவர்களும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்.

பதில்: உங்களுக்கு இழைக்கப்பட்டது அநியாயம். தேர்வை ஏற்பாடு செய்தது நிறுவனம். ஆகவே பதில் சொல்ல வேண்டியதும் அதுவே. துண்டித்த நேரம், திரும்ப நுழைந்த நேரம், திரையின் படம் ஆகியவற்றை இன்றே மின்னஞ்சலில் அனுப்பி, சர்வரில் பதிவான இணைப்புப் பதிவேட்டைக் கேளுங்கள்; துண்டிப்பு அதில் நிமிடக் கணக்கில் இருக்கும். நீங்கள் பார்த்த வினாத்தாளையே மறுபடி தர மாட்டார்கள். வேறு வினாத்தாளுடன் புது ஸ்லாட் கேளுங்கள்.